அட்வான்ஸைக் கழிக்கும் முன்னரா, கழித்த பின்னரா?

ஹட்டன் பக்கத்தில் சின்னச் சின்ன தையல் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். எட்டு மெஷின், பத்து மெஷின், அவ்வளவுதான். பாடசாலைச் சீருடை தைக்கிறார்கள். சம்பளம் பீஸ் கணக்கில், சனிக்கிழமைதோறும். அந்தக் கிழமைக் கணக்கில், ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எப். பிடிப்பதில், ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாளியும் தைக்கிற பிள்ளையும் இரண்டு பேருமே அதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பிழையால் அன்றைக்குக் கையில் கொஞ்சம் கூடுதலாகவே காசு கிடைக்கிறது.

ஒரு அக்காவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் வந்திருக்கிறார். காலர் பொருத்தியது 340, ஒன்றுக்கு 14 ரூபாய் வீதம் 4,760. கை பொருத்தியது 310, 11 ரூபாய் வீதம் 3,410. பக்கத் தையல் 180, 8 ரூபாய் வீதம் 1,440. மொத்தம் 9,610 ரூபாய்.

அவருடைய சொந்தக் கொப்பியில் காலர் 360 என்று இருந்தது. “இருபது பீஸை முழுங்கிட்டீங்களே மிஸ்” என்றார். தேடிப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை செக்கிங்கில் காலர் சுருங்கியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிய 20 பீஸ் கட்டு அது. பிரித்துத் தைத்து, செக்கிங்கில் தேறும் கிழமையில் அந்தக் கட்டுக்கு முழு ரேட்டும் சேரும். இந்தக் கிழமைச் சம்பளத் துண்டில் “திருத்தத்தில் 20” என்று எழுதிக் கொடுத்ததும் சமாதானமாகிவிட்டார். பீஸைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, பழுதுக்கென்று தனியாகவும் காசு பிடிக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரே பிழைக்கு இரண்டு தரம் தண்டிப்பது.

இனி பிடிப்பனவு. அந்த அக்கா புதன்கிழமை 1,500 ரூபாய் கைச்செலவுக்கு வாங்கியிருந்தார். அதோடு 10,000 ரூபாய் தீபாவளி அட்வான்ஸ். கிழமைக்கு 1,000 வீதம் பத்துக் கிழமையில் கழிப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறது. ஆக இந்தக் கிழமை 2,500.

முதலாளி முதலில் இந்த 2,500ஐக் கழித்தார். மிச்சம் 7,110. அதில் 8 வீதம் ஈ.பி.எப். என்று 568 ரூபாய் 80 சதம் பிடித்து, 6,541.20 கொடுக்கத் தயாராக வைத்திருந்தார். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. அட்வான்ஸ் என்பது முன்கூட்டியே கொடுத்த சம்பளம், சம்பளத்தில் குறைவு அல்ல. ஈ.பி.எப். உழைத்த மொத்தத்தின் மேல்தான். 9,610இல் 8 வீதம் 768.80. அதைப் பிடித்த பிறகே அட்வான்ஸ். கையில் கிடைக்க வேண்டியது 6,341.20.

200 ரூபாய் குறைகிறதே என்று அந்த அக்காவுக்கு முகம் வாடியது. அது அவர் கணக்கில் சேர்கிற அவருடைய காசுதான். ஆனால் முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். விடுபட்ட 2,500க்கு அது 300 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எப். 3 வீதமும் முதலாளியின் பொறுப்பு, சம்பளத்திலிருந்து பிடிக்கவே கூடாது. அது 75. அந்த அக்காவுக்குச் சேர வேண்டியதில் கிழமைக்கு 375 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. கைச்செலவு அட்வான்ஸும் இதே அளவில் தொடர்ந்தால், தீபாவளிக் கடன் முடியும் பத்துக் கிழமையில் 3,750. “பீஸ் ரேட் ஆட்களுக்கு ஈ.பி.எப். இல்லை” என்று சிலர் சொல்வதும் சரியல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அவர்களையும் சேர்த்துத்தான்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சம்பளத் துண்டில் உள்ள ஈ.பி.எப். தொகையை 12.5ஆல் பெருக்குங்கள். பீஸ் கணக்கின் மொத்தம் அப்படியே வர வேண்டும். 768.80ஐப் பெருக்கினால் 9,610. 568.80ஐப் பெருக்கினால் 7,110, அட்வான்ஸை முன்னாலேயே கழித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். துண்டில் மொத்தம் எழுதாமல் மிச்சத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அதனால்தான் நான் மொத்தத்தை முதல் வரியில் எழுதுவேன்.

நாட்கணக்கையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வேன். 9,610ஐ ஆறால் வகுத்தால் நாளுக்கு 1,600 சொச்சம். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபாய். அதோடு ஒப்பிடுவதும் மொத்தத்தைத்தான், பிடித்தது போக மிச்சத்தை அல்ல. நூல் வராமல் மெஷின் சும்மா நின்ற கிழமையில் இந்த எண் இறங்கும். அப்போது பிள்ளை சோம்பல் என்று சொல்லக் கூடாது.

அடுத்த கிழமை அதே அக்கா மூன்று நாள்தான் வந்தார். மகனுக்குக் காய்ச்சல். உழைத்தது 4,100, ஈ.பி.எப். 328. கைச்செலவுக்கு 2,000 வாங்கியிருந்தார். அதோடு தீபாவளித் தவணை 1,000ஐயும் கழித்தால் கையில் 772. கடைக்கடனுக்கே போதாது. முதலாளியோடு பேசி அந்தத் தவணையை நிறுத்தி வைத்தோம். 1,772 கொடுத்து, அட்வான்ஸ் கொப்பியில் “தவணை பிடிக்கவில்லை, மீதி 9,000” என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.