நாணயத்தில் ஏறிய சிலுவை, சனிக்கிழமைக்காகச் சிறை போன துறவிகள்

எத்தியோப்பியாவின் வடக்கு மலைநாட்டில் அக்சும் என்ற அரசு இருந்தது. செங்கடல் வணிகத்தில் செழித்து, சொந்தமாகப் பொன் நாணயம் அடித்த அரசு அது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எசானா என்ற மன்னர் ஆண்டபோது அந்த நாணயங்களில் ஒரு மாற்றம் வந்தது. அவருடைய முற்கால நாணயங்களில் மன்னரின் தலைக்கு மேலே பிறையும் வட்டமும் இருக்கும். பிற்கால நாணயங்களில் அந்த இடத்தில் சிலுவை இருக்கிறது. ஒரே ஆட்சிக்குள் நாட்டின் மதம் கிறிஸ்தவமாக மாறியதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்.

இது எப்படி நடந்தது என்று ரூஃபினஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். தீர் நகரத்து அறிஞர் ஒருவர் இரண்டு சிறுவர்களுடன் கடல்பயணம் போனார். செங்கடல் கரையில் கப்பல் தாக்கப்பட்டு எல்லாரும் கொல்லப்பட, சிறுவர்கள் மட்டும் உயிரோடு, எசானாவுக்கு முன் ஆண்ட அக்சும் மன்னரிடம் கொண்டுபோகப்பட்டார்கள். மூத்தவர் ஃப்ருமென்டியஸ் மன்னரின் கணக்கையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டார். மன்னர் இறந்ததும், மகன் வளரும்வரை துணையாக இருக்கும்படி அரசி கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டுகளில் ஃப்ருமென்டியஸ் அங்கே வந்துபோன ரோமானியக் கிறிஸ்தவ வணிகர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் கூடி வழிபட இடம் ஏற்படுத்திக் கொடுத்தார். அப்புறம் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போய், இந்த மக்களுக்கு ஓர் ஆயர் வேண்டும் என்று கேட்டார். அங்கே ஆயராக இருந்த அத்தனாசியஸ், அவரையே ஆயராக்கித் திருப்பி அனுப்பிவிட்டார். ரூஃபினஸ் இதைக் கேட்டது உடன்போன இளையவர் எதேசியஸின் வாயிலிருந்தே.

ஆக, மதம் அரண்மனையிலிருந்து கீழே இறங்கியது. எசானாவும் நிதானமாகத்தான் நடந்திருக்கிறார். முந்தைய கல்வெட்டுகளில் மஹ்ரெம் என்ற போர்த் தெய்வத்தின் மகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர், பிறகு ஒரே படையெடுப்பை இரண்டு மொழிகளில் பொறித்தார். நாட்டு மொழியான கீஸில் ‘விண்ணகத்தின் ஆண்டவர்’ என்று பொதுவாகச் சொல்கிறார். கிரேக்கத்திலோ தந்தை, மகன், தூய ஆவி என்று வெளிப்படையாகவே சொல்கிறார். உள்ளூர் மக்களை மிரளவைக்காமலும், வெளிநாட்டு வணிகர்களுக்குத் தெளிவாகவும் பேசியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நாட்டுப்புறத்தில் மதம் வேர்பிடிக்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது. ஒன்பது புனிதர்கள் என்று மரபு சொல்லும் துறவிகள் வந்து மடங்கள் அமைத்த பிறகே அது பரவியது.

ஃப்ருமென்டியஸின் அந்தப் பயணம் ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. நாட்டின் தலைமை ஆயரான அபுனா எப்போதும் அலெக்சாந்திரியத் திருச்சபை அனுப்பும் எகிப்தியராகவே இருந்தார். ஒருவர் இறந்தால் அடுத்தவரைக் கேட்டு மன்னர் பரிசுகளோடு தூது அனுப்புவார். சில சமயம் இருக்கை பல ஆண்டு காலியாகவே கிடக்கும். வருகிறவருக்கு நாட்டு மொழியும் தெரியாது. ஆனால் ஒருவரைக் குருவாக்கும் திருநிலைப்பாட்டைத் தர அவரால் மட்டுமே முடியும். மக்களோடு இருந்து வழிபாட்டையும் நோன்பையும் நடத்தியவர்கள் உள்ளூர்க் குருக்களும் துறவிகளும்தான். எத்தியோப்பியாவின் தனி வழக்கங்கள் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். ஒவ்வொரு கோவிலின் கருவறையிலும் தாபோத் என்ற புனிதப் பலகை இருக்கும். மோசேயின் உடன்படிக்கைப் பேழையை நினைவூட்டும் அதைக் குருக்கள் தவிர யாரும் பார்க்கக்கூடாது. திருவிழாவில் துணியால் மூடித் தலையில் சுமந்து வருவார்கள்.

எகிப்திலிருந்து வந்த தலைமைக்கும் உள்ளூர் வழக்கத்துக்கும் இடையிலான இழுபறி முற்றியது சனிக்கிழமை விஷயத்தில். பழைய ஏற்பாடு சொல்லும் ஓய்வுநாளை ஞாயிறோடு சேர்த்து அனுசரிக்க வேண்டும் என்று 14ஆம் நூற்றாண்டில் எவொஸ்தாத்தேவொஸ் என்ற துறவி வற்புறுத்தினார். அது யூத வழக்கம் என்று அலெக்சாந்திரியா மறுத்தது. அவர் நாட்டைவிட்டுப் போய் ஆர்மீனியர்களிடையே இறந்தார். சீடர்கள் விடவில்லை. அபுனாவின் கையால் திருநிலைப்பாடு பெறுவதையே நிறுத்திவிட்டு, வடக்கே தனி மடங்கள் அமைத்தார்கள். 1400இல் அவர்களுடைய தலைவர்களைப் பிடித்து அடைத்தார்கள். ஆனால் மக்கள் ஆதரவு கூடிக்கொண்டே போனது. 1404இல் மன்னர் தாவித் அவர்களை விடுவித்து, சனிக்கிழமையை அனுசரித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அரசவை மட்டும் அலெக்சாந்திரியாவின் நெறியிலேயே நின்றது.

இப்படி ஒரு நாட்டுக்குள் இரண்டு திருச்சபைகள் உருவாகும் நிலை. அதை முடித்துவைத்தவர் மன்னர் ஸரா யாக்கோப். 1450இல் தெப்ரெ மித்மாக் மடத்தில் சங்கம் கூட்டினார். எகிப்திய ஆயர்கள் சனிக்கிழமையை ஒப்புக்கொண்டார்கள். துறவிகள் ஆயர்களிடம் திருநிலைப்பாடு பெறச் சம்மதித்தார்கள். அடுத்த 500 ஆண்டுகளும் அபுனா எகிப்திலிருந்தே வந்தார். எத்தியோப்பியர் ஒருவர், பசிலியோஸ், அலெக்சாந்திரியாவின் ஒப்புதலோடு அந்த இருக்கையில் அமர்ந்தது 1951இல்.