நீள மின்னஞ்சலில் கோரிக்கை எங்கே ஒளிந்திருக்கிறது?

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் தலைமைக் கிராணியாக வேலை பார்க்கிறேன். வெளியிலிருந்து வரும் மின்னஞ்சல்கள் முதலில் என் கணக்குக்கு வரும். அவற்றைப் படித்து, யார் பார்க்க வேண்டியது என்று முடிவு செய்து அனுப்பி வைப்பது என் பொறுப்பு. சம்பள விஷயம் என்றால் செக்ரோல் கிராணிக்கு, மருந்து, கிளினிக் என்றால் டிரெசருக்கு, வீடு, தண்ணீர் என்றால் துணை மேனேஜருக்கு.

இந்த வேலையில் தெரிந்துகொண்ட ஒன்றைத்தான் எழுத வந்தேன். நீளமான மின்னஞ்சல் பதில் இல்லாமல் கிடப்பதற்கு நீளம் காரணமே இல்லை. இரண்டு பக்கம் எழுதியும் மறுநாளே வேலை நடந்த கடிதங்கள் உண்டு. நான்கே வரி எழுதி மூன்று மாதம் கிடந்தவையும் உண்டு. படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது கண்ணில் படுகிறதா என்பதுதான் கேள்வி.

தோட்டக் குடியிருப்பாளர் குழு ஒன்று அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். மூலம் மலாயில் இருந்தது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித் தமிழில் தருகிறேன். பொருள் வரியில் 'அடுவான் பெண்டுடுக்' என்று மட்டும் இருந்தது. குடியிருப்பாளர் புகார். உள்ளே ஒரே பத்தி. அதில் ஒரு வாக்கியம் இது:

"எங்கள் குடியிருப்பில் கடந்த ஏப்ரல் முதல் தண்ணீர் சரியாக வராமல் பல வீட்டார் சிரமப்பட்டு வருவதை ஏற்கெனவே மண்டோரிடம் தெரிவித்து அவரும் வந்து பார்த்துச் சென்ற நிலையில் இதுவரை ஒன்றும் நடக்காததோடு வடிகாலும் அடைத்துக் கொசு பெருகி, தெருவிளக்கும் எரியாததால் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் பயப்படுவதால் தகுந்த நடவடிக்கை எடுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை, தேவையில்லாத தகவலும் இல்லை. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தண்ணீருக்குக் குழாய்க்காரர் வேண்டும். வடிகாலுக்கு ஆள் ஒதுக்க வேண்டும். விளக்குக்கு எலக்ட்ரீஷியன் வேண்டும். ஒரு கடிதத்தை மூன்றாகக் கிழித்து மூன்று பேருக்கு அனுப்ப முடியாது. முழுசாக ஒருவருக்குத்தான் போகும். அவர் தனக்கு எது சுலபமோ அதை முடிப்பார். விளக்கு எரியும், கோப்பு மூடப்படும். கடிதம் எழுதியவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது தண்ணீர்.

'தகுந்த நடவடிக்கை' என்ற சொற்றொடர் வேறு. எழுதுகிறவர் இதை மரியாதை என்று நினைக்கிறார். வாங்குகிறவருக்கு அது ஒரு வெற்றுக் காசோலை. 'கவனத்தில் எடுத்துக்கொண்டோம்' என்று ஒரு வரி பதில் போட்டால் அதுவும் தகுந்த நடவடிக்கைதான்.

ஆகவே முதல் வேலை, கோரிக்கை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். 'குழாயைச் சரி செய்யுங்கள்' என்று கேட்பதுதானே முறை என்று தோன்றும். ஆனால் கடிதம் போய்ச் சேருவது துணை மேனேஜரிடம். குழாய் மாற்ற வேண்டுமென்றால் விலைப்புள்ளி வாங்க வேண்டும், மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், செலவு கூடினால் தலைமை அலுவலகம் வரை போக வேண்டும். அவரால் இன்றைக்கு 'சரி' என்று சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டால் அவர் பதிலே போடமாட்டார், பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைப்பார். அதே மனிதர், யாரையும் கேட்காமல் தானே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கசிவு எங்கே என்று பார்க்க ஆளை அனுப்ப ஒரு நாள் குறிப்பது. முதல் கடிதத்தில் அதைக் கேட்க வேண்டும். ஆள் வந்து பார்த்தபின், என்ன கண்டார் என்பதை வைத்து அடுத்த கடிதத்தில் அடுத்த படியைக் கேட்கலாம். வாங்குகிறவரின் அதிகாரத்துக்குள் அடங்கும் கோரிக்கைக்குத்தான் சீக்கிரம் பதில் வரும்.

வடிகாலும் விளக்கும்? தனித்தனி மின்னஞ்சல். ஒரே நாளில் அனுப்பினாலும் பரவாயில்லை. மூன்று கடிதம் போட்டால் தொல்லை என்று நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். என் மேசையிலிருந்து பார்த்தால் மூன்று தனிக் கடிதம்தான் சுலபம். ஒவ்வொன்றையும் உரியவருக்கு ஒரு சொடுக்கில் தள்ளிவிடலாம்.

அந்தக் கடிதத்தைத் திருத்தினால் தலைப்பகுதி இப்படி வரும்:

"பொருள்: மேல் லயம் தண்ணீர் – கசிவைப் பார்க்க ஒரு நாள், 20 ஜூனுக்குள்

ஐயா, வணக்கம்.

மேல் லயத்தில் 12 வீடுகளுக்கு மாலையில் தண்ணீர் ஏறுவதில்லை. கசிவைப் பார்க்கக் குழாய்க்காரர் எந்த நாள் வருவார் என்பதை 20 ஜூனுக்குள் எங்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். விவரங்கள் கீழே."

இவ்வளவுதான் தலை. துணை மேனேஜர் காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் காட்டுக்குள் போய்விடுவார். அவர் இதைப் பார்ப்பது கைப்பேசியில், நின்றபடி. பட்டியலில் பொருள் வரியின் முன்பாதியும், கடிதத்தின் முதல் ஓரிரு வரிகளும்தான் தெரியும். அதனால்தான் இடமும் விஷயமும் பொருள் வரியின் தொடக்கத்திலேயே வர வேண்டும். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினால் அந்த ஓரிரு வரியும் நலத்துக்கே போய்விடும். மரியாதைக்கு 'ஐயா, வணக்கம்' போதும்.

மீதிக் கடிதம் எவ்வளவு நீளமானாலும் சரி. அது கேள்வி வாரியாகப் பிரிந்திருந்தால் போதும். இந்தக் கடிதத்துக்கு மூன்று சிறு தலைப்பு வைக்கலாம்: 'என்ன நடக்கிறது', 'இதுவரை யாரிடம் சொன்னோம்', 'இணைப்பில் உள்ளவை'. முதல் தலைப்பின்கீழ் எந்த வீடுகள், எந்த நேரம், எப்போதிலிருந்து. இரண்டாவதில் மண்டோரிடம் சொன்ன தேதி, அவர் வந்து பார்த்த தேதி. மூன்றாவதில் படங்கள்.

பத்தியை எங்கே உடைப்பது என்று கேட்பார்கள். வரியை எண்ணாதீர்கள். அடுத்த வாக்கியம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். 'எந்த வீடுகள்' என்பதிலிருந்து 'எப்போதிலிருந்து' என்பதற்கு மாறினால் அங்கே ஒரு வெற்று வரி. கணினித் திரையில் நான்கு வரியாகத் தெரியும் பத்தி, கைப்பேசியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளும். அனுப்புமுன் உங்களுக்கே அனுப்பி, கைப்பேசியில் திறந்து பாருங்கள். திரை முழுக்க எழுத்தாக, மூச்சுவிட இடமே இல்லாமல் தெரிந்தால் அந்தப் பத்தியை உடைக்க வேண்டும்.

வாக்கியத்திலும் கவனம் வேண்டும். நம் பழக்கத்தில் '-து', '-வதால்', '-நிலையில்' என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில்தான் வினையைச் சொல்வோம். மேலே காட்டிய வாக்கியத்தில் 'கேட்டுக்கொள்கிறோம்' வருவதற்குள் படிப்பவர் ஏப்ரல், மண்டோர், கொசு, டியூஷன் எல்லாவற்றையும் கடந்து வந்துவிட்டார். கோரிக்கை உள்ள வாக்கியத்தில் காரணம் எதையும் வைக்காதீர்கள். காரணத்துக்குத் தனி வாக்கியம் கொடுங்கள்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தில் போடுவது அழகுதான், நம்ப முடியாது. கடிதத்தை யாராவது நகலெடுத்து வாட்ஸ்அப் புலனத்தில் ஒட்டினால் தடிப்பு போய்விடும். எங்கள் தோட்டத்தில் பாதி வேலை புலனத்தில்தான் ஓடுகிறது. தலைப்பைத் தனி வரியில் வைத்து மேலே ஒரு வெற்று வரி விட்டால் எங்கே ஒட்டினாலும் தலைப்பாகவே தெரியும்.

நம் நாட்டு அரசாங்கக் கடிதங்களில் இரண்டாம் பத்தியிலிருந்து எண் போடுவார்கள். அந்தப் பழக்கத்தை மின்னஞ்சலிலும் கொண்டு வருகிறார்கள், அதில் ஒரு நன்மை உண்டு. 'உங்கள் 3ஆம் பத்தியில் சொன்ன வீடு எது?' என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் கோரிக்கைக்கு 5 என்று எண் போட்டுப் பின்னணியோடு வரிசையில் நிறுத்தினால் அது இன்னொரு தகவலாகத்தான் தெரியும். எண்ணைத் தகவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை மேலே எண்ணில்லாமல் தனியாக நிற்கட்டும். கடிதம் ஒரு திரைக்கு மேல் நீண்டால் கீழே முடிக்கும்போது அதே கோரிக்கையை அதே சொற்களில் இன்னொரு முறை எழுதலாம். சொற்களை மாற்றாதீர்கள். மேலே 'ஒரு நாள் தெரிவிக்கவும்', கீழே 'விரைவில் சரி செய்யவும்' என்றிருந்தால் படிப்பவர் இரண்டு கோரிக்கை என்று எண்ணி, தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பு வசதிகளைப் பற்றியது, தோட்ட லயங்களுக்கும் பொருந்தும். அதைச் சுட்டிக்காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே போட்டு, தொழிலாளர் இலாகாவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நகல் வைத்தால், அந்தக் கடிதம் துணை மேனேஜர் கையை விட்டு மேலே போய்விடும். பிறகு வரும் பதில் எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கும், குழாய்க்காரர் வரமாட்டார். பெறுநர் இடத்தில் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும். முதல் கடிதத்துக்கும் அதன் நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவதில் சட்டத்தை எடுங்கள். அப்போது தேதிவாரியாக எல்லாம் தயாராக இருக்கும்.

கடிதம் பலித்ததா என்பதை வரும் பதிலே காட்டிவிடும். 'நன்றி, கவனத்தில் கொள்கிறோம்' என்றால் கோரிக்கை அவர் கண்ணில் படவில்லை, அல்லது அவரால் செய்ய முடியாததைக் கேட்டிருக்கிறீர்கள். 'எந்த வரிசை வீடு?' என்று, நீங்கள் எழுதியதையே கேட்டால் தகவல் பத்திக்குள் புதைந்திருக்கிறது. பல விஷயத்தில் ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தால் கடிதத்தைப் பிரித்திருக்க வேண்டும்.

20ஆம் தேதி கடந்தும் பதில் இல்லையா? புதுக் கடிதம் வேண்டாம். பழைய கடிதத்துக்கே 'பதில்' அழுத்தி, மேலே இரண்டு வரி மட்டும் எழுதுங்கள்: "மேல் லயத்துக்குக் குழாய்க்காரர் எந்த நாள் வருவார் என்று 20 ஜூனுக்குள் தெரிவிக்கக் கேட்டிருந்தோம். 27 ஜூனுக்குள் நாளைச் சொல்ல முடியுமா?" கீழே உள்ள பழைய கடிதத்துக்குள் புகுந்து, வரிகளுக்கு நடுவே எதையும் சேர்க்காதீர்கள். ஜிமெயில் பல நேரம் பழைய பகுதியை மூன்று புள்ளிக்குள் மடித்துவிடும். அதைத் தொட்டுத் திறந்து பார்த்தால்தான் நீங்கள் சேர்த்தது தெரியும், காட்டில் நின்றுகொண்டிருப்பவர் திறக்கமாட்டார்.