அரித்த மண்ணில் ஓடைக்குப் போவது எவ்வளவு?

ஐப்பசி மழையில் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் செம்மண் நிறத்தில் ஓடும். அதைப் பார்த்ததும், மலைச்சரிவில் பெயர்ந்த மண் முழுக்க இப்படியே ஏரிக்குப் போய்விடுகிறது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பெயர்ந்த மண்ணில் பெரும்பகுதி வரப்போரத்திலும் புல் மறைவிலும் சரிவு தணியும் இடத்திலும் தங்கிவிடுகிறது. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஓராண்டில் பெயர்ந்த மொத்த மண்ணில் எத்தனை பங்கு ஓடையின் கடைமுனைக்கு வந்து சேர்கிறதோ, அதுவே வண்டல் சேர்வு விகிதம். 100 டன் பெயர்ந்து 30 டன் வந்து சேர்ந்தால் விகிதம் 0.3.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஏரி இருப்பதாகவும், அதற்கு மேலே 4 சதுர கி.மீ. (400 ஹெக்டேர்) பரப்பு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. நில அமைப்பு இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் காண்பதுதான். மேலே சில்வர் ஓக் நிழலில் காபி 250 ஹெக்டேர், கீழ்ச்சரிவில் குச்சிக்கிழங்கு 100 ஹெக்டேர், மீதி 50 ஹெக்டேர் பாறையும் புதரும்.

முதலில் மொத்த அரிப்பு. இதற்கு விஷ்மையர், ஸ்மித் இருவரும் உருவாக்கிய பொது மண்ணிழப்புச் சமன்பாட்டைப் பயன்படுத்துவார்கள். 1978-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட கையேட்டில் அதன் முழு வடிவம் இருக்கிறது.

```
A = R × K × L × S × C × P
```

R மழையின் தாக்கும் வலிமை, K மண் எவ்வளவு எளிதில் பெயரும் என்பது, L-உம் S-உம் சரிவின் நீளமும் செங்குத்தும், C பயிர் மூட்டம், P வரப்பு போன்ற தடுப்பு வேலை. A ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை டன் என்று வரும். காபியில் 3 டன், குச்சிக்கிழங்கில் 15, புதரில் 5 என்று கொள்வோம். காபியில் நிழல் மரமும் உதிர்ந்த இலையும் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. குச்சிக்கிழங்கோ நட்ட முதல் மூன்று மாதம் தரையை மூடுவதில்லை. பிடுங்கும்போது மண்ணைக் கிளறியும் விடுகிறது. மொத்தம் 750 + 1500 + 250 = 2500 டன்.

இந்தச் சமன்பாடு 22.1 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட சோதனைப் பாத்தியை அளவுகோலாக வைத்துப் பிறந்தது. பாத்தியை விட்டு மண் வெளியேறுவதைச் சொல்லும். பிறகு அது எங்கே போயிற்று என்று சொல்லாது. அதனால் 2500 டன்னும் ஏரிக்குள் விழுந்ததாக அறிக்கை எழுதினால் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விகிதத்தை மதிப்பிட எளிய வழி, பரப்பை மட்டும் வைத்துப் போடும் சூத்திரம். பரப்பு பெரிதானால் மண் தங்குவதற்கான இடமும் கூடும், விகிதம் குறையும் என்பதே அடிப்படை. மூன்று சூத்திரங்கள் அடிக்கடி கண்ணில் படும். இவற்றில் SDR என்பது வண்டல் சேர்வு விகிதம்; A இங்கே மண்ணிழப்பு அல்ல, சதுர கி.மீ. கணக்கில் பரப்பு.

```
வனோனி:                       SDR = 0.4724 × A^(-0.125)
அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை:  SDR = 0.5656 × A^(-0.11)
பாய்ஸ்:                       SDR = 0.41 × A^(-0.3)
```

நம் 4 சதுர கி.மீ.க்கு இவை முறையே 0.40, 0.49, 0.27 என்று தருகின்றன. டன்னில் சொன்னால் சுமார் 1000, 1215, 675. ஒரே ஓடைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்! இவை வேறு இடங்களின் நீர்ப்பிடிப்புகளில் அளந்த புள்ளிகளின் நடுவே வரைந்த கோடுகள். ஏற்காட்டுச் சரிவுக்காக வரைந்தவை அல்ல. போதாக்குறைக்கு, மூலச் சூத்திரங்கள் சதுர மைலில் இருப்பதால் அலகு குழம்புவது சகஜம். வனோனி சூத்திரத்தில் 4-க்குப் பதில் ஹெக்டேர் கணக்கில் 400 என்று போட்டால் 0.22 வரும். பார்வைக்கு நம்பும்படியான எண்ணாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

எங்கள் கணிப்பில், பரப்புச் சூத்திரத்தின் பெரிய குறை வேறு. ஓடையை ஒட்டிய வயலையும் ஒரு கிலோமீட்டர் தள்ளி வரப்புக்குள் இருக்கும் வயலையும் அது ஒன்றாகவே பார்க்கிறது. அதனால் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓடையோடு எவ்வளவு நேர்த்தொடர்பு என்று கேட்க வேண்டும். மேலிருந்து எவ்வளவு நீர் வருகிறது, கீழே ஓடைவரை எவ்வளவு தூரம், வழியில் சரிவும் மூட்டமும் எப்படி என்பவையே கேள்விகள். சில கணினி மாதிரிகளும் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இதையே செய்கின்றன.

குச்சிக்கிழங்கு 100 ஹெக்டேரில் 30 ஹெக்டேர் ஓடைக்கரையிலோ, ஓடையில் நேராக இறங்கும் மண் பாதையோரத்திலோ இருக்கிறது என்று கொள்வோம், அதற்கு 0.7. மீதி 70 ஹெக்டேருக்குக் கீழே சம உயர வரப்பும் அகலமான புல்வெளியும் உண்டு, அதற்கு 0.15. இலைச்சருகு மூடிய காபிக்கு 0.2, செங்குத்தான புதருக்கு 0.5. பெருக்கினால் 315 + 157 + 150 + 125, கிட்டத்தட்ட 750 டன். மொத்த விகிதம் 0.3.

இப்படிப் பிரித்ததன் பலன் அடுத்த கேள்வியில் தெரியும். தள்ளியிருக்கும் 70 ஹெக்டேரில் அரிப்பை அடியோடு நிறுத்தினாலும் ஏரிக்கு மிச்சமாவது 157 டன்தான். ஓடையோர 30 ஹெக்டேரின் கீழ் விளிம்பில் வெட்டிவேர்ப் பட்டை போட்டு விகிதத்தை 0.7-இலிருந்து 0.3-க்கு இறக்கினால் 180 டன் குறையும். வயல்காரருக்கு மேல் வயலின் மண்ணும் முக்கியந்தான், ஆனால் அது வேறு கணக்கு.

இந்த 0.7-உம் 0.15-உம் சரியா என்று மழை பெய்யும்போது நடந்து பார்த்தால் தெரியும். 30 மீட்டர் கட்டமுள்ள உயர வரைபடத்தில் எஸ்டேட் மண் பாதையோ, சாலைக்கடியிலுள்ள சிறுபாலமோ தெரியாது. நிழலில் நன்றாக மூடிக் கிடக்கும் காபித் தோட்டத்தின் நீரைப் பாதையோரக் கால்வாய் ஒன்று மொத்தமாக ஓடையில் கொண்டுபோய் விட்டால், 0.2 என்று போட்டது பொய்யாகிவிடும். புல் பட்டையின் மேல் விளிம்பில் விசிறி போல மணல் படிந்திருந்தால் மண் அங்கே தங்குகிறது. பட்டையை அறுத்து ஒரு சிறு பள்ளம் ஓடினால் தங்கவில்லை.

கடைசிச் சோதனை ஏரியின் அடியில் இருக்கிறது. கோடையில் வற்றியதும் குறுக்கும் நெடுக்குமாகக் குழி வெட்டி, பழைய கெட்டித் தரை வரை வண்டல் எத்தனை கனம் என்று அளக்கலாம். தூர் வாரி 8 ஆண்டுகளில் 3600 கன மீட்டர் சேர்ந்திருக்கிறது, உலர்ந்த வண்டல் கன மீட்டருக்கு 1.25 டன் என்றால் 4500 டன். ஆண்டுக்கு சுமார் 560. ஏரி வரும் வண்டலில் 80 சதவீதத்தைப் பிடித்து, மீதியை மறுகாலில் விட்டுவிடுகிறது என்று கொண்டால் வந்தது 700 டன். விகிதம் 0.28, நம் 0.3-க்கு அருகில்.

உண்மை ஏரியில் இவ்வளவு எளிதாகப் பொருந்திவிடாது. இடையில் விவசாயிகள் வண்டியிலும் டிராக்டரிலும் வண்டல் அள்ளிப் போயிருந்தால் விகிதம் குறைவாகத் தெரியும். ஊரில் கேட்டு அந்த அளவைக் கூட்ட வேண்டும். மாறாக, ஓடைக்கரை இடிந்தோ மலைச்சாலையில் மண் சரிந்தோ வந்த மண் மண்ணிழப்புச் சமன்பாட்டில் சேராது, ஏரியில் மட்டும் சேரும். அப்போது விகிதம் 1-ஐயும் தாண்டக்கூடும். அப்படி வந்தால் வயலை விட்டுவிட்டு முதலில் ஓடைக்கரையோரம் நடந்து பார்க்க வேண்டும்.