வாஷ்பேசின் முன்னால் ஒரு தமிழ்ப் பாடம்

டொராண்டோவில் வளரும் என் அண்ணன் மகளுக்கு இரண்டரை வயது. தமிழில் சொன்னால் எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அண்ணியும் அண்ணனும் வேலைக்குப் போவதால் பகல் முழுக்க அவள் டேகேரில் இருக்கிறாள். அங்கே கை கழுவுவதும் சாப்பிடுவதும் தூங்குவதும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

அவளுக்காகவும், அவளைப் போல வெளிநாட்டில் வளரும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளுக்காகவும், நானும் ஒரு நண்பரும் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுக்க ஆரம்பித்தோம். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு அன்றாட வேலைதான். முதல் வீடியோ கை கழுவுவது. நாலரை நிமிடத்தில் மொத்தம் ஐந்தே வாக்கியங்கள்:

கை கழுவலாமா?
குழாயைத் திற.
கையைத் தேய்.
கழுவியாச்சா?
துடைச்சுக்கோ.

ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு தடவை வரும். ஒரு சிறுமி கழுவுகிறாள், அவள் தம்பி கழுவுகிறான், அப்புறம் ஒரு பொம்மையின் கையைக் கழுவுகிறார்கள். பார்த்த பெரியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “என்னப்பா, சொன்னதையே சொல்லிட்டிருக்கீங்க?” ஆமாம். வேலை நடப்பதே அதில்தான்.

எழுத்தில் நாம் சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் அந்த இடம் கிடையாது. “கையத்தேய்”, “கையக்கழுவு” என்று ஒரே சரமாகத்தான் காதில் விழுகிறது. நம் மொழியில் வேறு, சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் ஒரு ஒற்று முளைத்து இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இதில் “கை” எங்கே முடிகிறது என்று குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?

1996-ல் ஜென்னி சாஃப்ரான், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் எட்டு மாதக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பொருளே இல்லாத, மூன்று அசை கொண்ட நான்கு ‘சொற்களை’ உருவாக்கி, இடைவெளியோ அழுத்தமோ இல்லாமல் இரண்டு நிமிடம் தொடர்ந்து ஒலிக்கவிட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்திலேயே குழந்தைகள் எந்த அசைக்குப் பின் எது வழக்கமாக வருகிறது என்பதைப் பிடித்துவிட்டார்கள். ஒரு சொல்லுக்குள் அடுத்த அசை எதுவென்று உறுதியாகத் தெரியும். சொல் முடிகிற இடத்தில் அடுத்தது எதுவாகவும் இருக்கலாம். அந்த உறுதி குலைகிற இடம்தான் சொல்லின் எல்லை.

எங்கள் ஐந்து வாக்கியமும் ஒவ்வொரு தடவையும் அச்சாக அப்படியே வருவதில்லை. “கையை” என்பதற்குப் பின் ஒரு தடவை “தேய்” வருகிறது, ஒரு தடவை “காட்டு”, இன்னொரு தடவை “துடை”. இப்படி மாறி மாறி வருவதால்தான் “கையை” தனியே பிரிந்து நிற்கிறது. ஒரே வாக்கியத்தை அச்சுப் பிசகாமல் நூறு தடவை சொன்னால் குழந்தைக்கு அது மந்திரம் மாதிரி மனப்பாடம் ஆகும், ஆனால் உடையாது. அதனால் கொஞ்சம் மாறவும் வேண்டும், நிறைய மாறாமலும் இருக்க வேண்டும்.

குழந்தையோடு பேசும் அம்மாக்கள் இதை யாரும் சொல்லித்தராமலே செய்கிறார்கள். “சோப்பை எடு. சோப்பை எடும்மா. எடுத்தியா? அந்தச் சோப்பு.” சொல்ல வந்தது ஒன்றே, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன மாற்றம். துருக்கி மொழி பேசும் ஒரு தாயின் பேச்சை 1990-களில் ஆராய்ந்த ஐலின் குண்டாய், டான் ஸ்லோபின் இருவரும் இப்படிப்பட்ட வாக்கியக் கொத்துகளுக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். துருக்கி மொழியும் தமிழைப் போல விகுதி மேல் விகுதி ஒட்டும் மொழி என்பதால் எனக்கு இதில் கூடுதல் ஆர்வம். கழுவு, கழுவலாமா, கழுவினியா, கழுவியாச்சு என்று அடுத்தடுத்துக் கேட்கும்போது மாறாமல் நிற்பது வேர், மாறுவது விகுதி. இலக்கணப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குவதை வாஷ்பேசின் அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

சரி, ஒலி பிரிந்துவிட்டது. பொருள் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர் டெப் ராய் தன் வீட்டுக் கூரைகளில் கேமராவும் மைக்கும் பொருத்தி, தன் மகன் வளர்வதைப் பதிவு செய்தார். 9 மாதத்திலிருந்து 24 மாதம் வரையிலான பேச்சை வைத்து, எந்தச் சொல்லை அவன் முதலில் பேசினான், ஏன் என்று அவரும் குழுவினரும் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். அதிகத் தடவை கேட்ட சொல் சீக்கிரம் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். அதுவும் உண்மைதான். ஆனால் அதைவிட வலுவாக முன்கூட்டியே சொல்ல முடிந்தது வேறொன்றை வைத்து: அந்தச் சொல் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில், ஒரே வகைப் பேச்சுக்கு நடுவே வந்ததா என்பதை வைத்து. வீடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் சொல்லைவிடச் சமையலறையில் காலையில் மட்டும் வரும் சொல் சீக்கிரம் வாய்க்கு வந்தது.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். குழாய்க்கு முன்னால் நிற்கும் குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று ஏற்கெனவே தெரியும். தண்ணீர், சோப்பு, துண்டு. நடப்பதைப் புரிந்துகொள்ள அது மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை. முழுக் கவனமும் “திற” என்ற ஒலி எந்த நொடியில் வருகிறது என்பதில் நிற்கலாம்.

வெளிநாட்டுக்காக எடுக்கும் வீடியோவில் நாங்கள் சறுக்கியதும் இந்த இடத்தில்தான். இரண்டாவது வீடியோ குளியல். சென்னையில் எடுத்ததால் வாளியும் சொம்பும் வைத்து எடுத்துவிட்டோம். “தலைக்கு ஊத்து” என்பது முக்கிய வாக்கியம். டொராண்டோ வீட்டில் ஷவர். ஊற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அண்ணன் மகள் அந்த வீடியோவை ரசித்துப் பார்த்தாள், ஒரு சொல்கூட ஒட்டவில்லை. திரையில் வரும் வாக்கியத்துக்கு வீட்டில் ஒரு நொடி இல்லையென்றால் அது தொங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு மாற்றாக அண்ணி கேட்டு வாங்கியது குளிர்கால ஜாக்கெட் வீடியோ: “கையை உள்ளே விடு. இன்னொரு கை. ஜிப்பை ஏத்து. தொப்பி எங்கே?” நான்கு மாதம் தினமும் இரண்டு தடவையாவது நடக்கும் கூத்து அது. சென்னையில் உட்கார்ந்து எனக்கு அது தோன்றியிருக்காது.

இனி இந்த வகை வீடியோக்களின் எல்லை. 2003-ல் பாட்ரிஷியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைக் கேட்க வைத்தார்கள். பன்னிரண்டு அமர்வுகள். ஒரு குழுவுக்கு மாண்டரின் பேசுபவர்கள் நேரில் வந்து விளையாடினார்கள். இன்னொரு குழு அதே ஆட்களை, அதே பொம்மைகளைத் திரையில் பார்த்தது. நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. திரையில் பார்த்தவை, மாண்டரினே கேட்காத குழந்தைகளைப் போலத்தான் இருந்தன. வயது ஏற ஏறத் திரையிலிருந்தும் கற்கிறார்கள், ஆனால் இரண்டரை வயது வரைக்கும் திரை நேரடிப் பேச்சுக்குப் பின்தங்கியே நிற்கிறது. திரையில் இருப்பவர் குழந்தை எதைப் பார்க்கிறது, என்ன சொன்னது என்று பார்த்துப் பதில் தருவதில்லை. குறை முக்கியமாக அதுதான்.

திரைக்குள் இருந்தபடியே ஓரளவு இதைச் சரிக்கட்டப் பார்த்தது ‘புளூஸ் க்ளூஸ்’ என்ற அமெரிக்க நிகழ்ச்சி. அதில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், 1990-களின் இறுதியில் ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, நாள் ஆக ஆக அவர்கள் சலிப்படைவதற்குப் பதிலாகத் திரையைப் பார்த்துப் பதில் சொல்வது கூடியது. நாங்களும் “கழுவியாச்சா?” என்று கேட்டபின் நான்கு நொடி விட்டிருந்தோம். எடிட் செய்த நண்பர் அதை வெட்டிவிட்டார். நான்கு நொடி சும்மா இருப்பது நமக்கு வீடியோ நின்றுபோனது மாதிரித் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது யோசித்து வாயைத் திறக்கும் நேரம். திரும்பச் சேர்த்தோம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வீடியோவின் உண்மையான மாணவி அண்ணிதான். அவருக்குத் தமிழ் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அவசரத்தில் வாயில் வருவது “வாஷ் பண்ணு, வைப் பண்ணு, ஓப்பன் பண்ணு.” சென்னையில் நானும் அப்படித்தான் பேசுகிறேன். எந்த ஆங்கில வினையையும் “பண்ணு” விழுங்கிவிடும். நமக்குப் பாதகமில்லை, கழுவு, துடை, திற எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. தமிழ் கேட்பதற்கு வீட்டைத் தவிர வேறிடம் இல்லாத பிள்ளைக்கோ “பண்ணு” ஒன்றே போதும் என்று ஆகிவிடுகிறது. ஐந்து வாக்கியத்தை அம்மாவும் மகளும் சேர்ந்து பார்த்தால், குழாயடியில் அம்மா வாயில் அந்த ஐந்தும் தானாக வந்து நிற்கும். வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு தடவை கை கழுவினால் மாதம் 120 தடவை. வீடியோவை அத்தனை தடவை யாரும் போட்டுக் காட்ட முடியாது.

இதனால்தான் “நீ கைகளைக் கழுவிவிட்டாயா?” என்று எழுத்துத் தமிழில் எடுக்கவில்லை. எந்த அம்மாவும் அதைக் குழாயடியில் சொல்லப்போவதில்லை. அதே காரணத்துக்காக, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் “ஆச்சா”வை “ஆச்சோ” என்று மாற்றிச் சொன்னபோது, அப்படியே சொல்லுங்கள் என்றோம். வீட்டில் கேட்கிற வடிவம்தான் பிள்ளைக்குக் கணக்கு.

சொல் உண்மையிலேயே ஏறிவிட்டதா, வெறும் மனப்பாடமா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வீடியோவில் வராத ஒன்றைக் கழுவிவிட்டு, பாதியில் நிறுத்த வேண்டும். மூன்றாவது வாரம் அண்ணி ஒரு ஆப்பிளைக் கழுவிவிட்டு “ஆப்பிள்...” என்று இழுத்தார். அண்ணன் மகள் “கை கழுவியாச்சு” என்றாள். அதாவது இன்னும் அது உடையாத ஒரே கட்டி, அவளுக்கு “கைகழுவியாச்சு” முழுக்க ஒரு சொல். அதன்பின் அண்ணி கையை விட்டுவிட்டு கால், தட்டு, கார் பொம்மை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவள் முன்னால் கழுவினார்.

ஆறாவது வாரம் ஒரு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் அவள் பொம்மைக்கு ஜாக்கெட் மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுச் சொன்னாள்: “ஏத்தியாச்சு.” ஜாக்கெட் வீடியோவில் “ஏத்து” மட்டும்தான் இருக்கிறது. “ஆச்சு” அங்கே எங்குமே கிடையாது.