யூரியா நீர்: 'ஆட்புளூ' என்ற பெயருக்குள் இருப்பது

சங்ககிரிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் அந்தக் கட்டியைப் பார்த்தேன். புகைக்குழாயிலிருந்து கழற்றிய இன்ஜெக்டரின் மூக்கில், கல்கண்டு ஒட்டியதுபோல் வெள்ளையாக உறைந்திருந்தது. வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்று ஓட்டுநர் கொண்டுவந்திருந்தார். மெக்கானிக் எதையும் கழற்றுவதற்கு முன்பு கேனைத்தான் கேட்டார். அதைத் திறந்து குலுக்கி வெயிலில் சாய்த்ததும், திரவத்தின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. வயலுக்குப் போடும் யூரியாவை ஓட்டுநர் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றியிருந்தார். 'யூரியா ஊற்ற வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்' என்று அவர் கேட்டபோது, பிழை அவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

டீசல் புகையின் மாசைக் குறைக்க லாரியில் தனி டேங்கில் ஊற்றும் ஒரே திரவத்துக்கு நம் சாலைகளில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன: யூரியா, டெஃப் ஆயில், ஆட்புளூ. மூன்றுமே ஏதோ ஒரு வகையில் தவறான வழியைக் காட்டுகின்றன. 'யூரியா' என்றால் உரமூட்டை நினைவுக்கு வருகிறது. 'ஆயில்' என்றால் எண்ணெய் என்று பொருள். இதில் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை, இருக்கவும் கூடாது. 'டெஃப்' என்பது டீசல் எக்ஸாஸ்ட் ஃபுளூயிட் என்ற அமெரிக்கப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம். டீசல் என்ற சொல் அதில் இருப்பதால், இதை டீசலோடு கலப்பது என்று நினைப்பவர்களும் உண்டு. 'ஆட்புளூ' ஜெர்மனி வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் பதிவுசெய்த வணிகக் குறி. நீலம் என்று பெயரில் சொன்னாலும் திரவத்துக்கு நிறமே கிடையாது; டேங்கின் மூடிதான் நீலம். தரநூல்களில் இதன் பெயர் AUS 32. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி கனிமம் நீக்கிய நீர் என்பதே அதன் பொருள். அந்த 32.5 தற்செயலான எண் அன்று. அந்த விகிதத்தில்தான் கரைசலின் உறைநிலை மிகக் கீழே, −11 டிகிரிக்குப் போகிறது. உறையும்போதும் யூரியா வேறு நீர் வேறாகப் பிரியாமல் ஒன்றாகவே உறைகிறது.

யூரியா என்ற சொல்லின் வேர் சிறுநீர். கிரேக்கத்தில் சிறுநீருக்கு 'ஊரோன்' என்று பெயர். 1773-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரூவெல் சிறுநீரிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தார். ஜெர்மன் மொழியில் இதன் பெயருக்கு 'சிறுநீர்ப் பொருள்' என்றும், ஜப்பானிய, கொரியப் பெயர்களுக்கு 'சிறுநீர்த் தனிமம்' என்றும் பொருள். சித்த மருத்துவ நூல்கள் சிறுநீரை 'அமுரி' என்கின்றன. அந்த வேரிலிருந்து நாமும் ஒரு பெயர் ஆக்கியிருக்கலாம். ஆனால் உரக்கடை வழியாக ஊர் ஊராக நுழைந்துவிட்ட 'யூரியா'வை இனி பெயர்ப்பது வீண்வேலை. அந்தச் சொல் தமிழாகிவிட்டது.

1828-இல் ஃபிரெடரிக் வோலர் இதைச் சிறுநீரகத்தின் உதவி இல்லாமல் ஆய்வகத்தில் செய்து காட்டினார். சில்வர் சயனேட்டோடு அவர் சேர்த்தது அம்மோனியம் குளோரைடு. நம் நாட்டுமருந்துக் கடையில் அதற்கு நவச்சாரம் என்று பெயர். அம்மோனியாவும் சயனிக் அமிலமும் கூடி யூரியாவாக மாறின. இன்று ஓடும் லாரியின் புகைக்குழாயில் ஏறக்குறைய அந்தப் பாதையே தலைகீழாக நடக்கிறது. சூடான புகைக்குள் கரைசல் பனித்துளிபோல் தெளிக்கப்பட்டதும் முதலில் நீர் ஆவியாகிறது. பிறகு யூரியா வெப்பத்தால் உடைந்து அம்மோனியாவும் ஐசோசயனிக் அமிலமும் ஆகிறது. அந்த அமிலம் புகையில் உள்ள நீராவியோடு சேர்ந்து இன்னொரு அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. ஆக, ஒரு யூரியா மூலக்கூறுக்கு இரண்டு அம்மோனியா. உண்மையான வேலையைச் செய்வது அந்த அம்மோனியாதான். நெடியும் நச்சும் உள்ள வாயுவை உருளையில் அடைத்து லாரியில் சுமக்க முடியாது என்பதால், அதை யூரியா என்ற சாதுவான வடிவில் நீரில் கரைத்து எடுத்துப்போகிறோம்.

இனி, அம்மோனியா எதைப் பிடிக்கிறது என்பது. எஞ்சின் உருளையின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துவிடுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் இப்படிக் காற்றிலிருந்து பிறக்கின்றனவே தவிர டீசலிலிருந்து அல்ல. அவற்றை மீண்டும் நைட்ரஜனாக்கும் வினை இது:

4NO + 4NH₃ + O₂ → 4N₂ + 6H₂O

இந்த முறைக்கு ஆங்கிலச் சுருக்கம் எஸ்.சி.ஆர். விரித்தால் செலக்டிவ் கேட்டலிட்டிக் ரிடக்‌ஷன். இதை 'வினையூக்கிக் குறைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. இங்கே 'ரிடக்‌ஷன்' என்பது அளவைக் குறைப்பது அன்று. ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் வினை. நம் பள்ளிப் பாடநூல்கள் அதற்கு 'ஒடுக்கம்' என்ற நல்ல சொல்லை வைத்திருக்கின்றன. இலங்கையில் 'தாழ்த்தல்' என்பார்கள். மாசின் அளவு குறைவது இந்த ஒடுக்கத்தின் விளைவு. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் காரணமும் விளைவும் குழம்பிவிடும்.

'செலக்டிவ்' என்ற முன்னொட்டில்தான் முறையின் உயிரே இருக்கிறது. டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் காற்றை இழுப்பதால், அதன் புகையில் எரியாத ஆக்சிஜன் ஏராளமாக மிஞ்சுகிறது. ஆக்சிஜனைப் பறிக்கக்கூடிய வேறு பொருளை அங்கே விட்டால், அது நைட்ரஜன் ஆக்சைடைத் தேடிப் போகாமல் எளிதாகக் கிடைக்கும் ஆக்சிஜனோடு எரிந்து தீர்ந்துவிடும். பெட்ரோல் காரின் வினையூக்கி டீசல் லாரிக்குப் பயன்படாததற்கு இதுவே காரணம். அம்மோனியாவோ, சரியான வெப்பத்தில், சரியான வினையூக்கியின் மேல், அவ்வளவு ஆக்சிஜன் நடுவிலும் நைட்ரஜன் ஆக்சைடைத் தேர்ந்து பிடிக்கிறது. தேன்கூடுபோல் நுண்துளைகள் கொண்ட கட்டியில் பூசிய வனேடியமோ, செம்போ இரும்போ ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமமோ அந்த வினையூக்கி. ஆகவே 'தேர்ந்து ஒடுக்கும் வினையூக்க முறை' என்பேன். பேச்சுக்கு 'தேர்ந்தொடுக்கம்' போதும்.

எவ்வளவு யூரியா நீர் செலவாகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி ஒன்று 400 கிலோமீட்டர் ஓடி 100 லிட்டர் டீசல் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் சுமார் 415 யூனிட், அதாவது கிலோவாட்-மணி, அளவு வேலை செய்திருக்கும். யூனிட்டுக்கு 8 கிராம் என்றால், எஞ்சினை விட்டு வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு 3.3 கிலோ. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் நடப்பில் உள்ள பி.எஸ்.6 விதி, சீரான ஓட்டச் சோதனையில் யூனிட்டுக்கு 0.4 கிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதற்கு முந்தைய பி.எஸ்.4 விதியில் இது 3.5 கிராமாக இருந்தது. அதாவது 3.3 கிலோவில் ஏறத்தாழ 3.15 கிலோவை ஒடுக்க வேண்டும். 92 கிராம் ஆக்சைடுக்கு 60 கிராம் யூரியா என்பது வேதியியல் விகிதம். அப்படியானால் 2 கிலோவுக்குச் சற்று மேல் யூரியா, கரைசலாக 6 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நூறு லிட்டர் டீசலுக்கு நாலிலிருந்து ஆறு லிட்டர் என்று ஓட்டுநர்கள் அனுபவத்தில் சொல்வதும் இதுதான். இதைவிட மிகக் குறைவாகச் செலவானால் மகிழ்வதற்கில்லை. தெளிப்பு நின்றுபோயிருக்கலாம், நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து புகை சூடேறாமலும் இருக்கலாம். புகை 200 டிகிரியை நெருங்காவிட்டால் கட்டுப்பாட்டுக் கருவி தெளிக்கவே விடாது. குளிர்ந்த குழாயில் தெளித்தால் யூரியா முழுதாக உடையாமல் சுவரில் படிந்துவிடும் என்பதால்தான் இந்தத் தடை. முறையின் பெரிய குறையும் இதுவே: மக்கள் அடர்ந்து வாழும் தெருக்களில் மெதுவாக ஓடும்போதுதான் அது சோர்ந்துபோகிறது.

பட்டறையில் பார்த்த கட்டிக்கு வருகிறேன். உர யூரியாவில் பையூரெட் என்ற துணைப்பொருள் 1.5 சதவீதம் வரை இருக்கலாம். பயிருக்கு அது பெரிய பாதகமில்லை. AUS 32 கரைசலிலோ 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பையூரெட் வெப்பத்தில் சயனூரிக் அமிலமாக இறுகி, எளிதில் போகாத படிவாகிறது. நம் உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சும் உண்டு. கேனில் மினுங்கியது அதுதான். கிணற்று நீரின் சுண்ணாம்புச் சத்து இன்னும் மோசம். கரைசலில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் கால்சியம்தான் அனுமதி; நம் பக்கத்துக் கடின நீரில் அது பல மடங்கு இருக்கும். அந்த உப்புகள் எரிவதில்லை, ஆவியாவதில்லை. வினையூக்கியின் நுண்துளைகளில் தங்கி அதை மெல்ல மெல்லச் செத்துப்போகச் செய்கின்றன. மானிய விலையில் 45 கிலோ மூட்டை 266 ரூபாய்க்குக் கிடைப்பது உழவருக்காக. அதை லாரிக்குத் திருப்புவது சட்டப்படியும் குற்றம்.

ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் செறிவு 32.5 இருக்கிறதா என்று தெரியும். ஆனால் பையூரெட்டையோ சுண்ணாம்பையோ அது காட்டாது. உர யூரியாவைச் சரியான அளவில் கரைத்தாலும் அதே எண்ணைத்தான் காட்டும். வண்டிக்குத் தெரிவது வேறு வழியில்: வினையூக்கிக்கு முன்னும் பின்னும் உள்ள சென்சார்கள் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கின்றன. பின்னால் உள்ள அளவு இறங்காவிட்டால் விளக்கு எரியும், பிறகு இழுவை குறைக்கப்படும்.

நல்ல கரைசலிலும் கட்டி வருவதுண்டு. எஞ்சினை நிறுத்திய பிறகு, குழாயில் மிஞ்சிய கரைசலைப் பம்பு டேங்குக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்குள் பேட்டரி சுவிட்சை அணைத்தால் மிச்சம் அங்கேயே காய்ந்து உப்பாகும். அன்று அந்த மெக்கானிக் இன்ஜெக்டரை வெந்நீரில் ஊறவைத்தார். யூரியா உப்பு கரைந்துபோயிற்று. அடியில் கரையாமல் மஞ்சளாக ஒரு பொருக்கு மிஞ்சியது. அதைப் பார்த்ததும் இன்ஜெக்டரை மாற்றச் சொன்னார்.

பெயருக்கு என் பரிந்துரை 'யூரியா நீர்'. ஜப்பானியரும் கொரியரும் தங்கள் மொழியில் இப்படித்தான் சொல்கிறார்கள். 'நீர்' என்று முடிவதால் ஆயிலோ என்ற ஐயம் எழாது, மூட்டையும் கண்ணில் வராது. எழுத்தில் துல்லியம் வேண்டுமிடத்தில் 'யூரியாக் கரைசல் 32' எனலாம். நீல மூடியின் பக்கத்தில் 'யூரியா நீர் மட்டும்' என்றும், டீசல் மூடியின் பக்கத்தில் 'டீசல் மட்டும்' என்றும் தமிழில் எழுதிவைக்கலாம். டீசல் டேங்கில் தவறி யூரியா நீர் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் டேங்கை வடிக்க வேண்டும். பம்பு ஒருமுறை இழுத்துவிட்டால் எரிபொருள் குழாய் முழுவதும் உப்பு பரவிவிடும்.