வாடிக்கையாளர் சொன்னதைத் தீபாவளி நோட்டீஸில் போடலாமா? எதுவரை திருத்தலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் ஒரு அக்காவுக்குப் போன தீபாவளியின்போது நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். முந்திரி கேக், அதிரசம், முறுக்கு மூன்றும் சேர்ந்த தீபாவளி பெட்டிதான் அவருடைய சரக்கு. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாராட்டுகளில் நாலைந்தை எடுத்து நோட்டீஸிலும் ஸ்டேட்டஸிலும் போட வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அடுத்தவர் வார்த்தையை விளம்பரத்தில் போடுவதற்குச் சட்டம் இருக்கிறது. வீட்டு வியாபாரம்தானே, நம்மை யார் கேட்கப் போகிறார்கள் என்று பலரும் நினைப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இயங்குகிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க அந்த ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. எந்த வடிவத்தில், எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம் விளம்பரம்தான் என்கிறது அந்த விதி. டிவி விளம்பரத்துக்கு உள்ள அதே விதிதான் பஸ் ஸ்டாண்டில் கொடுக்கும் நோட்டீஸுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும். பொருளை விற்கும் யாரும் இதற்குள் வருவார்கள். எழுதிக் கொடுக்கும் ஏஜென்சியும் வரும் என்பதால் என் போன்றவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

ஒருவருடைய பேச்சு, பெயர், கையெழுத்து, படம் என எதைக் காட்டி ‘இது இவருடைய அனுபவம்’ என்று வாங்குபவரை நம்ப வைத்தாலும், சட்டத்தின் பார்வையில் அது பரிந்துரை. நடிகர் சொன்னாலும் முத்தியால்பேட்டைக் குடும்பத்தலைவி சொன்னாலும் ஒன்றுதான். அந்தப் பரிந்துரைக்கு விதி கேட்பது மூன்று: சொன்னவரின் உண்மையான கருத்தாக இருக்க வேண்டும், ஓரளவு அண்மைக்காலத்தியதாக இருக்க வேண்டும், பொருளைப் பயன்படுத்திய அனுபவத்தில் அல்லது அதைப் பற்றிய போதுமான விவரத்தில் இருந்து வந்திருக்க வேண்டும். மீறினால் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் ஆணையம் அபராதம் விதிக்கலாம். இது உச்சவரம்பு. எத்தனை பேரைப் பாதித்தது, எவ்வளவு நாள் ஓடியது, விற்பனை எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள். புகார் கொடுக்க டெல்லி போக வேண்டியதும் இல்லை. மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம்.

இனி அந்த அக்காவின் போனுக்கு வருவோம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அதற்கு முந்தைய தீபாவளி முடிந்ததும் அனுப்பிய செய்தி இது. ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்ததைத் தமிழ் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்:

“அக்கா முந்திரி கேக் நல்லா இருந்துச்சு பசங்க ரெண்டு நாள்ல காலி பண்ணிட்டாங்க. முறுக்கு மட்டும் கொஞ்சம் கடுக்குனு இருந்துச்சு அத்தையால கடிக்க முடியல. பார்சல் தீபாவளி அன்னைக்கு மத்தியானம்தான் வந்துச்சு, முன்னாடி நாளே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். பொங்கலுக்கும் சொல்றேன்”

அக்காவின் தம்பி இதை நோட்டீஸுக்காக இப்படி மாற்றி வைத்திருந்தார்:

“முந்திரி கேக் அருமையோ அருமை! பார்சல் தீபாவளி அன்றே வந்து சேர்ந்தது! பொங்கலுக்கும் இங்கேதான்!”

நடுவில் இருக்கும் வரியைப் பாருங்கள். பார்சல் தீபாவளி அன்று வந்தது உண்மைதான். ஆனால் அந்த அம்மா அதைக் குறையாகச் சொன்னார். ‘மத்தியானம்தான்’ என்பதில் உள்ள ‘தான்’ போய், ‘அன்றே’ என்பதில் ஒரு ஏகாரம் வந்ததும் குறை பாராட்டாகிவிட்டது. தமிழில் இந்த ஆபத்து அதிகம். தான், ஏ, ஆவது, மட்டும் போன்ற சின்னச் சொற்களில்தான் பேசுபவரின் மனம் இருக்கிறது. திருத்தும்போது எழுத்துப்பிழையைப் பார்ப்பதற்கு முன்னால் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றையும் சேர்க்கக் கூடாது, எடுக்கவும் கூடாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த வாக்கியத்தையே விட்டுவிடுவது நல்லது.

‘நல்லா இருந்துச்சு’ என்றது ‘அருமையோ அருமை’ ஆனதும் இதே வகைதான். தம்பி கேட்டார்: “ரெண்டும் பாராட்டுதானே, என்னண்ணா வித்தியாசம்?” பாராட்டின் அளவும் கருத்தின் ஒரு பகுதி. நம் ஊரில் ‘நல்லா இருந்துச்சு’ என்பதே பெரிய வார்த்தை. அதை ஏற்றிச் சொன்னால் அது அவருடைய வாய் இல்லை, நம்முடைய வாய். ஆச்சரியக்குறியும் அப்படித்தான், அவர் போடாததை நாம் போட வேண்டாம்.

எதைச் செய்யலாம்? எழுத்துப்பிழை திருத்தலாம். முற்றுப்புள்ளி வைக்கலாம். ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றலாம். பேச்சு வழக்கை அப்படியே விட்டுவிடுவதுதான் என் வழக்கம். ‘காலி பண்ணிட்டாங்க’ என்பதை ‘உண்டு தீர்த்தனர்’ என்று மாற்றினால் யாரும் நம்ப மாட்டார்கள். நீளமாக இருந்தால் சுருக்கலாம், ஆனால் வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும்.

அடுத்து, முறுக்கைப் பற்றிய குறையை விட்டுவிடலாமா என்பது. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. அந்தக் கருத்து எதன் பக்கத்தில் அச்சாகிறது என்பதைப் பொறுத்தது. முந்திரி கேக்கின் படத்தையும் அதன் விலையையும் மட்டும் போட்டு அதன் கீழே போட்டால், முறுக்கைப் பற்றிய வரி அங்கே தேவையில்லை. யாரும் ஏமாறப் போவதில்லை. அதையே மூன்று பலகாரமும் உள்ள பெட்டியின் கீழே போட்டால், படிப்பவர் பெட்டி முழுவதையும் பாராட்டியதாக எடுத்துக்கொள்வார். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்றே சட்டம் வரையறுக்கிறது. அதனால் கேக்குக்குப் பக்கத்தில் போடுவது என்று முடிவு செய்தோம்.

பார்சல் தாமதத்துக்கும் அப்படித்தான். நோட்டீஸின் அடியில் ‘தீபாவளிக்கு முன்பே உங்கள் வீட்டில்’ என்று ஒரு வரி இருந்தது. கையில் இருந்த செய்தியே அதற்கு எதிரான சாட்சி. அதை எடுத்துவிட்டு, ‘புதுச்சேரி ஆர்டர்கள் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு அனுப்பப்படும்’ என்று எழுதினோம். அனுப்புவது அக்காவின் கையில் இருக்கிறது. போய்ச் சேருவது கூரியர்காரர் கையில். நம் கையில் இருப்பதை மட்டும் வாக்காகக் கொடுக்கலாம்.

‘பொங்கலுக்கும் சொல்றேன்’ என்பதில் இன்னொரு சிக்கல். அது வருங்காலத்தைப் பற்றிய பேச்சு. பொங்கல் வந்து போயிருந்தது. அவர் உண்மையிலேயே வாங்கினாரா? ஆர்டர் நோட்டைப் புரட்டினோம், ஒரு கிலோ கேக் வாங்கியிருந்தார். வாங்காமல் இருந்திருந்தால் அந்த வரியைப் போட்டிருக்க மாட்டேன்.

கடைசியில் கேக் படத்தின் கீழே போட முடிவானது இது: “முந்திரி கேக் நல்லா இருந்துச்சு. பசங்க ரெண்டு நாள்ல காலி பண்ணிட்டாங்க... பொங்கலுக்கும் சொல்றேன்.” கீழே ‘புதுச்சேரி வாடிக்கையாளர்’ என்று மட்டும்.

மற்ற செய்திகளில் மூன்றைத் தள்ளிவைத்தோம். அக்காவுக்கு மிகவும் பிடித்திருந்தவையும் அவைதான்.

ஒன்று, “அப்பாவுக்கு சுகர், ஆனா உங்க அதிரசம் சாப்பிட்டும் ஏறல” என்றது. அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அன்று அப்படி இருந்திருக்கலாம். ஆனால் நோட்டீஸில் ஏறிய நிமிடம் அது கடையின் உறுதிமொழி ஆகிவிடும். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள் இடம் கொடுப்பதில்லை. உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. வெல்லப் பாகில் செய்யும் அதிரசம் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அந்த வரியை நம்பி ஒரு பெரியவர் நாலு அதிரசம் சாப்பிட்டால் என்ன ஆவது?

இரண்டாவது, “சுத்த நெய் வாசனை, எங்க ஆயா செஞ்ச மாதிரி” என்று மூன்று வருடத்துக்கு முன் வந்தது. மனதைத் தொடும் வரிதான். ஆனால் அப்போது நெய் மட்டும் ஊற்றிச் செய்த கேக்கில், விலை ஏறிய பிறகு பாதி எண்ணெய் சேர்க்கிறார்கள். பழைய கேக்குக்குக் கிடைத்த பாராட்டை இன்றைய கேக்குக்கு ஒட்ட முடியாது. அண்மைக்காலக் கருத்து வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான். செய்முறை, சரக்கு, அளவு எது மாறினாலும் மாறிய தேதிக்கு முந்தைய பாராட்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, அக்காவின் நாத்தனார் நெல்லிக்குப்பத்திலிருந்து அனுப்பியது. அவருக்குப் பெட்டி இலவசமாகப் போனது. உறவோ பணமோ இலவசப் பொருளோ, வாங்குபவர் அறிந்தால் அந்தப் பாராட்டின் எடை குறையும் என்றால், அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது விதி. ‘இவர் எங்கள் உறவினர், பெட்டி இலவசமாகத் தரப்பட்டது’ என்று தமிழிலேயே, அந்தக் கருத்தின் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டால் பயன்படுத்தலாம். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் போதாது. அக்கா யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

ஸ்கிரீன்ஷாட் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படமாகப் போட்டால் அதற்குள் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. இதுதான் மூலம் என்று படிப்பவர் நம்புகிறார். பெயரையும் எண்ணையும் மறைக்கலாம், அவ்வளவுதான். இரண்டு பேர் சொன்னதை ஒட்டி ஒரே ஆள் சொன்னதாகக் காட்டுவதும் திருத்தம் ஆகாது, அது புதிதாக ஒரு ஆளை உண்டாக்குவது.

அப்புறம் அனுமதி. அக்கா அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்: “வணக்கம்மா. நீங்க போன தீபாவளிக்கு அனுப்பின மெசேஜ்ல இந்த மூணு வரியை எங்க நோட்டீஸ்ல, கேக் படத்துக்குக் கீழ போடலாமா? உங்க பேரு, போட்டோ போட மாட்டோம். முறுக்கு பத்தியும் பார்சல் பத்தியும் சொன்னதை இதுல போடல. நீங்க சொன்னது மாறிப்போனதா தோணுச்சுன்னா சொல்லுங்க, மாத்திடறேன்.” கூடவே திருத்திய வரிகளையும் வைத்தார். எதை விட்டோம் என்பதையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், விடக் கூடாததை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

மூலச் செய்தி, அதன் தேதி, ஆர்டர் பில், திருத்திய வடிவம், அனுமதிப் பதில் ஐந்தையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் எங்கே என்று ஆணையம் கேட்டால் காட்ட வேண்டியவர் விற்பவர்தான். அக்கா ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார். அதில் புதுச்சேரி அம்மாவின் பதிலும் இருக்கிறது: “சரிக்கா தாராளமா போடுங்க. இந்த தடவை முறுக்கு கொஞ்சம் மெதுவா சுடுங்க, அத்தை கேட்டாங்க.”