டிவி சேனலில் பாடும் டாக், கேமில் இரைவது ஏன்?

பழைய ஸ்டீரியோவைத் தூசி தட்டி எடுத்து, கேம் கன்சோலின் ஒலியை அதில் கேட்கப் பார்ப்பவர்கள் பழுது என்று சொல்லி என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தச் சின்ன டாக் பெட்டியைத்தான். டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றித் தரும் பெட்டி அது. சோதித்துப் பார்த்தால் பெட்டி நன்றாகவே இருக்கும்.

சமீபத்தில் ஒரு இளைஞர் ஒன்றுக்கு இரண்டாக டாக் வாங்கி, இரண்டும் பழுது என்று வந்தார். கன்சோலிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியிலிருந்து டாக்குக்கு ஆப்டிகல் கேபிள், அங்கிருந்து சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கேபிள் வழியாகப் பழைய ஆம்ப்ளிஃபையர். இணைப்பில் தப்பில்லை. ப்ளேஸ்டேஷன் 5-இல் ஆப்டிகல் துளையே கிடையாது என்பதால் டிவி வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். ஆம்ப் இல்லாமல் டாக்கை நேரே ஸ்பீக்கரில் மாட்டுபவர்களும் உண்டு. டாக் தருவது சுமார் 2 வோல்ட் சிக்னல். ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி அதில் இல்லை.

“டிவி சேனல் நல்லா கேக்குது சார், கேம் போட்டா மட்டும் கர்ர்ர்னு இரையுது” என்றார். பாதி விடை அதிலேயே இருந்தது. சேனல் கேட்கிறதென்றால் கேபிள், டாக், ஆம்ப் எல்லாம் சரி. மாறுவது உள்ளே போகும் ஒலியின் வடிவம்தான். விலை குறைந்த டாக்குகளுக்கு PCM என்ற, இடது வலது என இரண்டு சேனலாக வரும் சுருக்கப்படாத ஒலி மட்டும்தான் புரியும். அவர் கன்சோல் Dolby என்ற சுருக்கிய வடிவில் அனுப்பிக்கொண்டிருந்தது. டிவி அதைப் பிரிக்காமல் அப்படியே ஆப்டிகலுக்குத் தள்ளிவிட்டது. சில டாக்குகள் இந்த நிலையில் மௌனமாகிவிடும். சில, சுருக்கிய தரவையே ஒலி என்று எண்ணி முழு அளவில் இரைச்சலாகக் கக்கும். பழைய ஸ்பீக்கரின் ட்வீட்டரை எரிக்க இந்த இரைச்சல் போதும். அதனால் முதல்முறை இயக்கும்போது ஆம்ப்பின் வால்யூமை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை Auto அல்லது Passthrough என்பதிலிருந்து PCM-க்கு மாற்றினோம். கன்சோலில் Sound, Audio Output வழியே போய் Audio Format என்பதில் Linear PCM தேர்ந்தெடுத்தோம். இரைச்சல் போய்விட்டது. ஆனால் இசையும் வெடிச் சத்தமும் கேட்க, பாத்திரங்கள் பேசுவது எங்கோ தூரத்தில் முணுமுணுப்பதுபோல் இருந்தது.

கன்சோல் இன்னும் 5.1 சேனலாக, அதாவது ஆறு ஸ்பீக்கர்களுக்கான தனித்தனி ஒலியாக, அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். அதில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். PCM வடிவில் ஆப்டிகல் கேபிள் தாங்குவது இரண்டு சேனல்தான். எல்லாவற்றையும் கலந்து இரண்டாக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யாத டிவிகள் முன்பக்க இடது, வலதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகின்றன. கன்சோலின் அதே Audio Output பக்கத்தில் HDMI Device Type என்பதை TV என்று மாற்றியதும் கன்சோலே கலந்து அனுப்பியது, வசனம் திரும்பி வந்தது. நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் TV Sound என்பதை Stereo ஆக்கினால் இதே பலன்.

அப்புறம் வந்ததுதான் கண்டுபிடிக்கச் சிரமமானது. கேமில் காட்சி மாறமாற ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்று ஒரு மெல்லிய ரீங்காரம் ஏறி இறங்கியது. ஆப்டிகலில் போவது வெளிச்சம். மின்சார இரைச்சல் அதன் வழியாகக் கடக்க முடியாது. பிறகு எப்படி? டாக்குக்கு வேண்டிய 5 வோல்ட்டை அவர் கன்சோலின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுத்திருந்தார். ஆப்டிகல் அடைத்த வழியை யூஎஸ்பி திறந்துவிட்டது. கன்சோலின் கிரவுண்டில் இருந்த இரைச்சல் அந்த ஒயர் வழியே டாக்குக்கும், ஆர்சிஏவின் வெளிக்கம்பி வழியே ஆம்ப்புக்கும் போயிருக்கிறது. ஒரு பழைய போன் சார்ஜரைத் தனி பிளக்கில் செருகி டாக்குக்குக் கொடுத்தோம். ரீங்காரம் நின்றது.

கிளம்பும்போது, ஆம்ப்பில் ஃபோனோ என்று எழுதிய துளைகள் காலியாக இருக்கின்றனவே, அங்கே மாட்டினால் சத்தம் கூடுமா என்று கேட்டார். கூடும்தான், ஆனால் உடைந்து உறுமும். அது இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட்டை நூறு மடங்குக்குப் பெருக்கி, தாழ்ந்த சுருதிகளை இன்னும் தூக்கிவிடும் துளை. இந்த வேலைக்கு ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதிய துளைதான் சரி.

இரண்டு டாக்கையும் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றையாவது கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.